சந்தைப் படத்தில் நான்காம் மீன்: சுறாவா, திருக்கையா? (2-ஆம் மீன் ஸ்கேட்டா?)

வலைக்கயிறு #1

சந்தையில் எடுத்த படங்களைச் சுறா, திருக்கை, திருக்கை போலவே தட்டையான ஸ்கேட் என்று மூன்று கோப்புறைகளில் பிரித்து வைக்கிறேன். இனப்பெயர் வரை போக வேண்டாம், எந்தக் கூட்டம் என்று தெரிந்தால் போதும். பெரும்பாலானவை சட்டென்று பிடிபட்டுவிட்டன. ஒரு படம் மட்டும் அடங்க மாட்டேன் என்கிறது.

ஈரத் தரையில் நான்கு மீன்கள். நின்றபடி, வால் பக்கத்திலிருந்து சாய்வாக எடுத்த படம். இடமிருந்து வலமாக எண் போட்டிருக்கிறேன்.

1: சாம்பல் நிறம், ஒருக்களித்துக் கிடக்கிறது. தலைக்குப் பின்னால் பக்கவாட்டில் கோடுகள். எண்ணினால் ஆறு வருகிறது. முதுகில் இரண்டு துடுப்புகள்.

2: சாய்சதுரத் தட்டு உடல், முதுகு மேலே. வாலை அடியோடு வெட்டிவிட்டார்கள்.

3: அதே மாதிரித் தட்டு, ஆனால் வயிறு மேலே. வால் சாட்டை போல நீளம்.

4: பின்பாதி அப்படியே சுறா. உயரமான இரண்டு முதுகுத் துடுப்புகள், வெள்ளைப் புள்ளிகள். தலையின் இடது பாதியை 2-இன் சிறகு மூடியிருக்கிறது. செவுள் எங்கும் தெரியவில்லை.

4-ஐச் சுறாவில் போடலாமா? 2 திருக்கையா, ஸ்கேட்டா?

கரைநண்டு #2

4 சுறாதாங்க, இதுல என்ன சந்தேகம்? வாலைப் பாருங்க, மேல் கிளை, கீழ்க் கிளை ரெண்டும் தனித்தனியா நிக்குது. முதுகுல நிமிர்ந்த துடுப்பு. திருக்கைக்கு வால் சாட்டை மாதிரி இருக்கும், இப்படி இருக்காது. 3-ஐயும் 4-ஐயும் பக்கத்துல வச்சுப் பாத்தாலே தெரியுது.

ஆழிக்கோல் #3

கரைநண்டு சொன்ன வால் அடையாளம் பாதி வழிக்குத்தான் உதவும். சாட்டை வாலைக் கண்டால் சுறா இல்லை என்று சொல்லிவிடலாம். சுறா போன்ற வாலைக் கண்டால் சுறாதான் என்று சொல்ல முடியாது. உழுவைகளும் வேளா மீனும் பின்பாதியில் சுறா மாதிரியே இருக்கும், ஆனால் அவை திருக்கைப் பக்கம் சேர்ந்தவை.

பிரிக்கிற கோடு செவுள் பிளவின் இடம்தான். சுறாவுக்குப் பிளவுகள் தலையின் பக்கவாட்டில், மார்புத் துடுப்புக்கு முன்னால் திறக்கும். சிலவற்றில் கடைசி ஒன்றிரண்டு துடுப்பின் அடிக்கு மேலே ஏறி நிற்கும். திருக்கைக்கும் ஸ்கேட்டுக்கும் ஐந்து சோடிப் பிளவுகளும் வயிற்றுப் பக்கத்தில், வாய்க்குப் பின்னால் இரண்டு வரிசையாக இருக்கும். மார்புத் துடுப்பு முன்னோக்கி வளர்ந்து தலையின் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டதால், பக்கவாட்டில் திறக்க இடமே இல்லை.

இந்தக் காரணத்தை மனதில் வைத்தால் செவுள் தெரியாத படத்திலும் வழி கிடைக்கும். மார்புத் துடுப்பின் முன்விளிம்பில் கண்ணை வைத்து, தலையை நோக்கிப் போங்கள். விளிம்பு உடலில் ஓரிடத்தில் முடிந்து, அதற்கு முன்னால் தலை தனியாகத் தெரிந்தால் சுறா. விளிம்பு முடியாமல் கன்னத்தோடு ஓடி மூக்கை நோக்கிப் போனால் செவுள் அடியில்தான் இருக்கும்.

4-இல் வலது பாதித் தலை தெரிகிறது என்று நினைக்கிறேன். அந்த இடத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிப் போட முடியுமா?

உப்புக்காற்று #4

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். என்னிடம் இருக்கிற ஒரு படத்தில் தட்டையான மீன், வெள்ளைப் பக்கம் மேலே இருக்கிறது. வாய்க்கு மேலே இரண்டு கண்கள் தெளிவாகத் தெரிகின்றன. கண்ணும் செவுளும் ஒரே பக்கத்தில் இருந்தால் அதை எதில் சேர்ப்பது?

ஆழிக்கோல் #5

உப்புக்காற்று, அவை கண்கள் இல்லை, மூக்குத் துளைகள். திருக்கையையும் ஸ்கேட்டையும் மல்லாக்கப் போட்டால் மூக்குத் துளைகளும் வாயும் சேர்ந்து ஒரு முகம் போலத் தெரியும். உண்மையான கண்கள் மறுபுறம், முதுகுப் பக்கத்தில் இருக்கும். வாய்க்குக் கீழே இருபுறமும் ஐந்தைந்து சிறு கீறல்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் சுறா இல்லை என்பது முடிவு. அதற்கு மேல் திருக்கையா ஸ்கேட்டா என்பதை அந்தக் கீறல்கள் சொல்லாது, இரண்டுக்கும் ஒரே இடம்தான்.

ஐந்து கீறலுக்குப் பதிலாக ஓரத்தில் ஒரே ஒரு திறப்பும் மேலே மூடியும் இருந்தால் அது நாக்கு மீன் மாதிரி ஏதோ ஒரு எலும்பு மீன். இந்த மூன்று கோப்புறையிலும் அதற்கு இடமில்லை.

பாய்மரம் #6

1-க்கு ஆறு செவுள் என்றால் அது ஆறுசெவுள் சுறா! ஆழ்கடல் வகை. அரிய படம், தனியாக எடுத்து வையுங்கள்.

நீலத்தாள் #7

ஆறாவது கோட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். மற்ற ஐந்தும் ஏறக்குறைய இணையாக, ஒரே சாய்வில் போகின்றன. ஆறாவது குறுக்கே போகிறது, மார்புத் துடுப்பையும் கொஞ்சம் தொடுகிறது. கத்தி பட்ட இடமாக இருக்கலாம், இல்லை தோல் மடிப்பு. செவுள் பிளவின் ஓரத்தில் மெல்லிய தோல் மடல் ஒன்று இருக்கும், வெளிச்சம் சரியாக இருந்தால் அதன் நிழல் உள்ளே விழும். கத்திக் கீறலில் வெள்ளைச் சதை தெரியும்.

ஆழிக்கோல் #8

நீலத்தாள் சொல்வதோடு இன்னொரு சோதனையும் உண்டு. ஆறு, ஏழு பிளவுள்ள சுறாக்களில் பெரும்பாலானவற்றுக்கு முதுகில் ஒரே துடுப்பு, அதுவும் வாலை ஒட்டிப் பின்னால் இருக்கும். 1-இல் இரண்டு துடுப்புகள் இருப்பதாக வலைக்கயிறே எழுதியிருக்கிறார். இரண்டு முதுகுத் துடுப்பும் ஆறு பிளவும் சேர்ந்து வருவது வாள்மூக்குச் சுறாவில் ஒரு வகைக்கு மட்டும்தான். அதற்கு மூக்கு நீண்ட அரம் போல நீட்டிக்கொண்டிருக்கும், தவறவிட முடியாது. ஆகவே இங்கே ஆறாவது கோடு செவுள் இல்லை. எப்படியானாலும் அவருடைய கேள்விக்குப் பதில் மாறாது: பிளவு பக்கவாட்டில் இருக்கிறது, 1 சுறா.

எண்ணிக்கையை விட இடம் முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான். படத்தில் எண்ணிக்கை எளிதில் ஏமாற்றும். இடம் அவ்வளவு ஏமாற்றாது.

வலைக்கயிறு #9

4-இன் தலையைப் பெரிதாக்கி இணைத்திருக்கிறேன். வலது மார்புத் துடுப்பின் விளிம்பு கண்ணுக்கு அருகில் வரை வந்து, பிறகு மூக்கோரத்தோடு கலந்துவிடுகிற மாதிரி இருக்கிறது. கண்ணுக்குப் பின்னால் ஒரு பெரிய துளை. அது முதல் செவுளா? அப்படியானால் செவுள் மேலே இருக்கிறதே, சுறா ஆகிவிடாதா?

கரைநண்டு #10

அதைத்தான் சொன்னேன், செவுள் மேலே இருக்கு, சுறா. வழக்கு முடிஞ்சது.

ஆழிக்கோல் #11

முடியவில்லை. அது மூச்சுத்துளை. கண்ணை ஒட்டி ஒவ்வொரு பக்கமும் ஒன்று என்ற கணக்கில் இருக்கும், உருண்டையாகவோ அரைநிலா வடிவத்திலோ தெரியும். செவுள் பிளவு தனியாக வராது, வரிசையாக வரும், கீறல் வடிவில் இருக்கும். தரையில் படுத்துக் கிடக்கும் மீனுக்கு வாய் மணலைப் பார்த்தபடி இருப்பதால், மேலே உள்ள இந்தத் துளை வழியாகத் தண்ணீரை இழுத்து அடியில் உள்ள பிளவுகள் வழியாக வெளியே விடுகிறது. அதனால்தான் திருக்கை, ஸ்கேட்டுகளில் அது பெரிதாக இருக்கிறது. வேகமாக நீந்தும் சுறாக்கள் பலவற்றில் இது மிகச் சிறியது, அல்லது இல்லவே இல்லை.

ஆனால் பெரிய மூச்சுத்துளை மட்டும் போதாது. அடியில் கிடக்கும் சில சுறாக்களுக்கும் அது பெரிதாக இருக்கும். 4-இல் என்னை நம்ப வைப்பது நீங்கள் சொன்ன விளிம்புதான். மார்புத் துடுப்பு கண் வரை ஏறி மூக்கோடு கலக்கிறது என்றால், பக்கவாட்டில் செவுள் திறக்க இடமில்லை.

கரைநண்டு #12

சரி, விளிம்பை ஒத்துக்கறேன். ஆனா ஏஞ்சல் சுறாவும் தட்டைதானே? அதுக்கும் மார்புத் துடுப்பு அகலமா முன்னாடி வந்து தலையைத் தொடுற மாதிரிதான் இருக்கும். இது ஏன் அதுவா இருக்கக் கூடாது?

ஆழிக்கோல் #13

நல்ல கேள்வி, படத்தைப் பார்த்து ஏமாற எல்லாரையும் விட அதிக வாய்ப்பு உள்ள மீன் அதுதான். ஏஞ்சல் சுறாவின் மார்புத் துடுப்பு முன்னால் வருவது உண்மை, ஆனால் தலையோடு ஒட்டாது. துடுப்பின் முன்மூலை முக்கோணமாகத் தனியே நிற்கும். அதற்கும் தலைக்கும் நடுவில் ஒரு வெட்டு இருக்கும், செவுள் பிளவுகள் அந்த வெட்டுக்குள்தான் திறக்கின்றன. மேலேயிருந்து பார்த்தால் பிளவுகள் தெரியாமல் போகலாம், வெட்டு தெரியும்.

4-ஐ அதிலிருந்து பிரிக்க இன்னும் இரண்டு அடையாளம் படத்திலேயே இருக்கின்றன. ஏஞ்சல் சுறாவுக்கு வாய் மூக்கு நுனியிலேயே இருக்கும், தலை மொட்டையாக முடியும். 4-க்கு மூக்கு கூராக நீண்டிருக்கிறது. ஏஞ்சல் சுறாவின் முதுகுத் துடுப்புகள் இரண்டும் இடுப்புத் துடுப்பைத் தாண்டி வால் மேல் இருக்கும், வால் துடுப்பில் கீழ்க் கிளை மேல் கிளையை விட நீளம். 4-இல் முதல் முதுகுத் துடுப்பு இடுப்புத் துடுப்புக்கு ஏறக்குறைய நேர் மேலே நிற்கிறது, வாலின் மேல் கிளைதான் பெரியது.

பாய்மரம் #14

இன்னொரு குறி: குதத் துடுப்பு. 4-க்கு வாலுக்கு முன்னால் அடியில் துடுப்பே இல்லை. சுறாவுக்கு அது இருக்கும், திருக்கைக்கு இருக்காது. இதிலேயே முடிந்துவிட்டது.

ஆழிக்கோல் #15

ஒரு திசையில் மட்டும் சரி, பாய்மரம். குதத் துடுப்பு தெளிவாகத் தெரிந்தால் அது சுறா, திருக்கை இல்லை. தெரியவில்லை என்பது எதையும் நிறுவாது. முதுகுத் துடுப்பில் முள் உள்ள நாய்ச்சுறாக்களுக்கும் ஏஞ்சல் சுறாவுக்கும் குதத் துடுப்பு கிடையாது. மேலும் இந்தப் படத்தில் மீன் வயிற்றைத் தரையில் வைத்துக் கிடக்கிறது. இருந்தாலும் மடங்கி உடலுக்கு அடியில் போயிருக்கலாம்.

என் முடிவு: 4 உழுவை, அதிலும் ரிங்கோபேட்டஸ் என்ற பேரினத்தின் பக்கம். காரணங்களை வலுவின் வரிசையில் சொல்கிறேன். முதலில் மூக்கு வரை ஓடும் துடுப்பு விளிம்பு. அடுத்து முதல் முதுகுத் துடுப்பு நிற்கும் இடம். கிளாக்கோஸ்டீகஸ் போன்ற கிட்டார் மீன்களில் அது இடுப்புத் துடுப்பை விட்டு நன்றாகப் பின்னால் இருக்கும். மூன்றாவது, வாலில் தனியாகத் தெரியும் கீழ்க் கிளை. கிட்டார் மீன்களுக்கு அது இருக்காது. வெள்ளைப் புள்ளியைக் கடைசியில் வைக்கிறேன். ரிங்கோபேட்டஸில் அது சாதாரணம், ஆனால் புள்ளி உள்ள சுறாக்களும் உண்டு, செத்த மீனில் நிறம் வேறு மங்கும்.

நீலத்தாள் #16

அளவு விகிதத்தை வைத்து யாரும் வாதிடாமல் இருப்பது நல்லது. வால் பக்கத்திலிருந்து சாய்வாக எடுத்ததால், கேமராவுக்கு அருகில் உள்ள வாலும் முதுகுத் துடுப்புகளும் பெரிதாகத் தெரியும், தலை சுருங்கும். 4 சுறா மாதிரித் தோன்றுவதற்கு அதுவும் ஒரு காரணம். தலைப் பக்கத்திலிருந்து எடுத்திருந்தால் அகன்ற முன்பகுதிதான் முதலில் கண்ணில் பட்டிருக்கும். கரைநண்டுகூடத் திருக்கை என்று சொல்லியிருப்பார்.

கரைநண்டு #17

சொல்லியிருப்பேனோ என்னவோ. சரி, 4-ஐ விட்டுத்தர்றேன், ஆனா வயிறு தெரியிற படம் வந்தா அப்போ பேசுவோம்.

வலைக்கயிறு #18

அதே வேளையில் எடுத்த இன்னொரு படம் தொகுப்பிலேயே இருந்தது, இப்போதுதான் கவனித்தேன். மீனைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். புள்ளியும் வால் ஓரத்தில் உள்ள கிழிசலும் பொருந்துகின்றன, 4-தான். வாய்க்குப் பின்னால் இருபுறமும் ஐந்தைந்து கீறல்கள். பக்கவாட்டில் எதுவும் இல்லை.

ஆழிக்கோல் #19

அப்படியானால் திருக்கைக் கோப்புறை. தனியாக ஒரு குறிப்பும் எழுதி வையுங்கள். ரிங்கோபேட்டஸ் அடங்கிய குடும்பமும் கிளாக்கோஸ்டீகஸும் 2019-இல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டன. சுறா என்று பெயரிட்டு வைத்த படம் நாளைக்கு அந்த நோக்கில் தேடுகிறவர் கையில் கிடைக்காது.

வலைக்கயிறு #20

நன்றி. இப்போது 2. மூக்கு கூராக இருக்கிறது, முதுகின் நடுவில் சிறுமுட்கள் வரிசையாகத் தெரிகின்றன. ஸ்கேட் என்று போடலாமா? வால் இல்லாததால் தயக்கமாக இருக்கிறது.

பாய்மரம் #21

முள் இருந்தால் ஸ்கேட், வழுவழுப்பாக இருந்தால் திருக்கை. கூர்மூக்கும் ஸ்கேட்டுக்குத்தான். போட்டுவிடலாம்.

ஆழிக்கோல் #22

போட வேண்டாம். கூர்மூக்குத் திருக்கைகள் உண்டு, முதுகெல்லாம் முள்ளடர்ந்த திருக்கையும் உண்டு, முள் மிகக் குறைந்த ஸ்கேட்டும் உண்டு. இரண்டும் சேர்ந்தால் ஸ்கேட் பக்கம் கொஞ்சம் சாயலாம், அவ்வளவுதான்.

இந்த இரண்டையும் பிரிக்க முதலில் பார்க்க வேண்டியது வால். ஸ்கேட்டின் வாலில் நுனிக்கு அருகில் இரண்டு சின்ன முதுகுத் துடுப்புகள் இருக்கும், விஷக் கொடுக்கு இருக்காது. கொடுக்குள்ள திருக்கையின் வால் நுனியில் அந்தத் துடுப்புகள் இருக்காது. 3-இல் நுனி வரை வெறும் சாட்டை என்பதால் அது திருக்கை என்று சொல்ல முடிகிறது. 2-இல் அந்தச் சாட்சியே வெட்டுப்பட்டுவிட்டது. கொடுக்குக்குப் பயந்து வாலை வெட்டியிருப்பார்கள் என்று ஊகிக்கலாம். ஆனால் வாலை வேறு காரணத்துக்கும் வெட்டுவார்கள், அதைச் சான்றாக எடுக்கக் கூடாது.

கரைநண்டு #23

வால் முழுசா இருந்தா ரெண்டு துடுப்பு போதுமா? மின்திருக்கைக்கும் ரெண்டு இருக்கே.

ஆழிக்கோல் #24

பல மின்திருக்கைகளுக்கு இரண்டு உண்டு, உண்மை. ஆனால் அவற்றில் துடுப்புகள் வாலின் முன்பகுதியில் இருக்கும், நுனியில் நன்றாக வளர்ந்த வால் துடுப்பும் இருக்கும். தட்டு வட்டமாகவும் சதைப்பற்றாகவும் தோல் முள்ளில்லாமலும் தெரியும். ஸ்கேட்டில் இரண்டும் நுனிக்குத் தள்ளி இருக்கும், வால் துடுப்பு இருப்பதே தெரியாது. கழுகுத் திருக்கைக்கு வால் தொடங்கும் இடத்தில், மேல்பக்கம் ஒரே ஒரு சின்னத் துடுப்பு இருக்கும், அதையும் ஸ்கேட் என்று எடுத்துவிடாதீர்கள்.

வால் போன பிறகு மிஞ்சுவது இடுப்புத் துடுப்பு. ஸ்கேட்டுக்கு அது ஆழமான வெட்டோடு இரண்டு மடலாகப் பிரிந்திருக்கும், முன்மடல் குட்டைக் கால் மாதிரி வெளியே நீட்டும். கொடுக்குத் திருக்கையில் ஒரே மடல்தான். 2-இல் தட்டின் பின்விளிம்புக்கு வெளியே ஏதாவது தெரிகிறதா?

வலைக்கயிறு #25

இடது பக்கம் இரண்டு துண்டாகத் தெரிகிறது. வலது பக்கம் தரைத் தண்ணீரின் பளபளப்பில் ஒன்றும் புலப்படவில்லை.

நீலத்தாள் #26

இடது பக்கத்து இரண்டாவது துண்டு உள்பக்கமாக, வால் அடியை ஒட்டி நீளமாகக் கிடக்கிறது. அது மடலா, ஆண் மீனின் இணைவுறுப்பா? எனக்கு இரண்டாவதாகத்தான் படுகிறது. உருளையாகத் தெரிகிறது, மடல் என்றால் தட்டையாக இருக்க வேண்டும்.

ஆழிக்கோல் #27

சரியாகப் பிடித்தீர்கள். இணைவுறுப்பு இடுப்புத் துடுப்பின் உள்விளிம்பிலிருந்து பின்னோக்கி நீளும். ஸ்கேட்டின் முன்மடல் வெளிவிளிம்பில், முன்பக்கம் இருக்கும். இங்கே தெரிவது உள்பக்கத்தில் உள்ளது, எனவே மடல் பிரிந்திருப்பதற்கு அது சான்று ஆகாது. முன்மடல் இல்லை என்றும் சொல்ல முடியாது, அந்த இடத்தில் தட்டின் ஓரம் மேலே படிந்திருக்கிறது.

ஆண் என்றால் இன்னொரு வழி கிடைக்கிறது. முதிர்ந்த ஆண் ஸ்கேட்டுக்குச் சிறகின் மேல்புறத்தில், வெளிமூலைக்குச் சற்று உள்ளே, கொக்கி போன்ற முட்கள் ஒரு பட்டையாக இருக்கும். கொடுக்குத் திருக்கையில் அந்தப் பட்டை கிடையாது. மூலப் படத்தில் அந்த இடத்தை முழு அளவில் வெட்டிப் போடுங்கள். குறுஞ்செய்திச் செயலி வழியாக வந்த படமென்றால் சுருக்கத்தில் முட்கள் அழிந்திருக்கும், மூலக் கோப்புதான் வேண்டும்.

வலைக்கயிறு #28

மூலக் கோப்பில் வலது சிறகு மூலை படச்சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. இடது சிறகுதான் 4-இன் தலை மேல் கிடக்கிறது. அதன் மூலை தெரிகிறது, ஆனால் பளபளப்பு. சில கரும்புள்ளிகள் தெரிகின்றன. முள்ளா, மணலா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நீலத்தாள் #29

பார்த்தேன். புள்ளிகள் ஒரே இடைவெளியில் இல்லை, நிழலும் விழவில்லை. மணல் என்பேன், ஆனால் பந்தயம் கட்ட மாட்டேன்.

பாய்மரம் #30

வெப்பக் கடலில் கரையோரம் பிடித்த மீன் என்றால் திருக்கைக்குத்தானே வாய்ப்பு அதிகம்? ஸ்கேட்டுகள் குளிர்ந்த கடலிலும் ஆழத்திலும்தானே அதிகம்?

ஆழிக்கோல் #31

வாய்ப்புக் கணக்கு அப்படித்தான். ஆனால் எந்த ஆழத்தில் போட்ட வலை என்பது படத்தில் இல்லை. இழுவலை ஆழத்துக்குப் போயிருந்தால் ஸ்கேட்டும் வரும். அதை வைத்துக் கோப்புறை முடிவு செய்ய எனக்கு மனமில்லை. இப்போதைக்கு 2-க்கு "திருக்கை அல்லது ஸ்கேட், ஆண், வால் இல்லை" என்று எழுதுங்கள். சுறா இல்லை என்பது மட்டும் உறுதி.

வலைக்கயிறு #32

நான்காவதாக ஒரு கோப்புறை திறக்கிறேன். இனி படம் எடுக்கப் போகிறவர்களிடம் என்ன கேட்க வேண்டும்?

நீலத்தாள் #33

ஒரு மீனுக்கு மூன்று படம். மீனுக்கு நேர் மேலே கேமராவைப் பிடித்து முழு உடல் ஒன்று, நான்கு ஓரமும் சட்டத்துக்குள் வர வேண்டும். வயிற்றுப் பக்கம், மூக்கு நுனியிலிருந்து மார்பு வரை ஒன்று. இடுப்புத் துடுப்பிலிருந்து வால் நுனி வரை ஒன்று. பிளாஷ் வேண்டாம், ஈரத் தோலில் வெள்ளைத் திட்டு விழும். கைவிளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்தால் செவுள் பிளவுகள் நிழலோடு எடுப்பாகத் தெரியும்.

ஆழிக்கோல் #34

திருப்பும்போது வாலைப் பிடித்துத் தூக்கச் சொல்லாதீர்கள். செத்த திருக்கையின் கொடுக்கும் குத்தும், விஷமும் இருக்கும். மூக்குப் பக்கத்தை ஒரு கட்டையால் நெம்பித் திருப்பினால் போதும். வால் ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தால், இடுப்புத் துடுப்பை விரல் படாமல் ஒரு குச்சியால் விரித்து வைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

உப்புக்காற்று #35

என் படத்தில் கீறல்கள் ஐந்தைந்து இருக்கின்றன. வாலும் இருக்கிறது, நுனியில் குட்டித் துடுப்பு ஒன்று தெரிகிறது. இரண்டாவது இருந்த இடத்தில் கிழிந்த மாதிரி இருக்கிறது. இணைக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

கரைநண்டு #36

கொடுக்கு இருக்கான்னு வாலோட மேல்பக்கத்தை முதல்ல பாருங்க. இடுப்புத் துடுப்பு படம் இருந்தா அதையும் போடுங்க. இந்தத் தடவை நான் அவசரப்படல.